வக்கீல் நோட்டீசுக்கு நான் எழுதிய பதிலும், வக்கீலம்மா அடித்துவிட்ட மூன்று வரிகளும்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை மதியம். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கவரைப் பிரித்துப் படித்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. நேராக நோட்டீஸ் அனுப்பிய துணி சப்ளையர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏனுங்ண்ணா, நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? குடுக்கறேன்னுதானே சொல்லிட்டு இருக்கேன், அதுக்குள்ள நோட்டீஸா?" என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, "வக்கீல்கிட்ட பேசிக்கங்க" என்று வைத்துவிட்டார். அந்தப் போன் பதிவாகியிருக்கலாம் என்பதே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நல்ல வேளை, அந்தக் கால் எங்கேயும் வரவில்லை. ஆனால் நான் கோபத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவர் கேஸுக்கு எவ்வளவு வசதியானது என்பதைப் பிறகு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

எங்களுடையது திருப்பூரில் பத்து மிஷின் போட்ட சின்ன யூனிட். உள்ளூர் மார்க்கெட்டுக்கு டி-ஷர்ட் தைக்கிறோம். நோட்டீஸ் அனுப்பியவர் சாயம் போட்ட பனியன் துணி சப்ளை செய்பவர், ஒன்பது வருடப் பழக்கம். நோட்டீஸில் எட்டுப் பத்தி. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: மூன்று பில்லுக்கு மொத்தம் 7,85,400 ரூபாய், அதில் வந்தது 3,00,000, மீதி 4,85,400. அதோடு 2016-லிருந்து நிற்கும் பழைய பாக்கி 62,750. ஆக மொத்தம் 5,48,150 ரூபாயை 24 சதவீத வட்டியோடு 15 நாளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். கூடவே நான் மார்ச் மாதம் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, "தங்கள் கடனைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். மூன்று பில்லும் நிஜம், சரக்கும் வந்தது. 2022 செப்டம்பர் 9-ல் 2,40,240, நவம்பர் 3-ல் 2,58,720, 2023 ஜனவரி 23-ல் 2,86,440. பேங்க் வழியாக இரண்டு லட்சமும் ஒரு லட்சமும் போனது, அது அவர் கணக்கில் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி 18-ஆம் தேதி அவர் சொல்லி அவர் மகன் நம்பருக்கு ஜிபேயில் 50,000 போட்டேன், அது அவர் கணக்கில் இல்லை. அப்புறம் ஜனவரி பில்லில் வந்த 24 ரோலில் 9 ரோல், 228 கிலோ, நீடில் லைன் விழுந்த துணி. கட்டிங் டேபிளில் விரித்தால் நீளவாக்கில் கோடு கோடாகத் தெரியும். வரியோடு கணக்குப் போட்டால் அந்த ஒன்பது ரோலின் மதிப்பு 1,05,336 ரூபாய். இதெல்லாம் கழித்தால் என் கணக்குப்படி 3,30,064 வரும். ஆக, நான் கொடுக்க வேண்டியது எதுவுமே இல்லை என்று சொல்கிற நிலையில் நான் இல்லை, அவர் கேட்கிற தொகையும் சரியில்லை. பெரும்பாலான சின்னத் தொழில்காரர்களின் நிலைமை இதுதான், அதனால்தான் பதில் எழுதுவது கஷ்டமாகிறது.

அன்று ராத்திரியே நான் ஒரு பதில் எழுதிவிட்டேன். லெட்டர்ஹெட்டில், என் கையெழுத்தில். அனுப்புவதற்கு முன்னால் ஆடிட்டர் ஒரு வக்கீலம்மாவிடம் காட்டச் சொன்னார், இல்லாவிட்டால் அனுப்பியிருப்பேன். முதல் மூன்று வரி இப்படி இருந்தது: "நான் தங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை இல்லை என்று சொல்லவில்லை. தொழில் மந்தத்தால்தான் தாமதமாகிவிட்டது. மேலும் நீங்கள் அனுப்பிய துணி முழுவதும் டேமேஜ்."

வக்கீலம்மா படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை எடுத்து மூன்று வரியையும் ஒவ்வொன்றாக அடித்தார்.

முதல் வரியில் பாக்கி என்று ஒத்துக்கொண்டேன், எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் விட்ட அந்தக் காலி இடத்தில் நோட்டீஸில் இருக்கிற 5,48,150 தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 12-ஆம் ஆணை, 6-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு தரப்பு ஒப்புக்கொண்ட விஷயத்தை வைத்து, முழு விசாரணைக்குக் காத்திருக்காமல், அந்த அளவுக்கு மட்டும் கோர்ட் தீர்ப்புக் கொடுக்கலாம். அந்த ஒப்புதல் கோர்ட்டில் போட்ட மனுவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வெளியே எழுதிய கடிதத்தில் இருந்தாலும் போதும். ரிப்ளை நோட்டீஸ் அப்படிப்பட்ட கடிதம்தான்.

இரண்டாவது வரிதான் என்னை அதிர வைத்தது. நான் அதை ஒரு மரியாதைக்காக, வருத்தம் தெரிவிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். அவர் கேட்டார்: "பணம் குடுக்காததுக்குக் காரணம் தொழில் மந்தமா, துணி டேமேஜா? மந்தம்னு நீங்களே எழுதிட்டா, டேமேஜ்ங்கறது நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் கண்டுபிடிச்ச கதைன்னு எதிர்த்தரப்பு சொல்லும். என்ன பதில் சொல்வீங்க?" என்னிடம் பதில் இல்லை. உண்மையில் இரண்டும்தான் காரணம், ஆனால் மந்தம் என்பது சட்டப்படி எனக்கு எந்த விதத்திலும் உதவாது, டேமேஜ் உதவும். உதவாத காரணத்தை எழுதி உதவுகிற காரணத்தைக் கெடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வரி கோபத்தில் வந்த மிகை. 24 ரோலில் 15 ரோலை வெட்டி, தைத்து, விற்றுவிட்டேன். துணி முழுவதும் டேமேஜ் என்று எழுதினால், அந்த விற்பனை பில்லைக் காட்டி ஒரே கேள்வியில் என்னைப் பொய்யன் ஆக்கிவிடலாம். அதற்கப்புறம் ஒன்பது ரோல் விஷயத்தில் நான் சொல்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இதில் தெரிந்தது, ஒப்புக்கொள்வதில் ஜாக்கிரதை என்றால் எல்லாவற்றையும் மறுப்பது என்று அர்த்தமில்லை. நடந்ததை மறுத்து எழுதுவதும் அதே அளவுக்கு ஆபத்து. மூன்று பில்லுக்கும் ஜிஎஸ்டி இன்புட் முழுசாக எடுத்திருக்கிறேன், இ-வே பில் இருக்கிறது, டெலிவரி சலானில் எங்கள் கட்டிங் மாஸ்டர் கையெழுத்து இருக்கிறது. சரக்கே வரவில்லை என்று எழுதிப் பாருங்கள், என்ன ஆகும் என்று.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "செக் ஏதாவது குடுத்து வெச்சிருக்கீங்களா?" என்பது. இல்லை என்றேன், மூச்சு விட்டார். செக் திரும்பி அதற்கு வருகிற நோட்டீஸ் வேறு ஜாதி. அதில் 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள கெடு, அதற்குள் பணம் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்குப் போடும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும். 2010-ல் ரங்கப்பா வழக்கில் சுப்ரீம் கோர்ட், அந்த நோட்டீசுக்குப் பதிலே போடாததைக்கூட புகார்தாரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது. எனக்கு வந்தது வெறும் பணப் பாக்கி நோட்டீஸ், இதில் 15 நாள் என்பது அந்த வக்கீல் போட்ட கெடுதான், தாண்டினால் தலை போகாது. ஆனாலும் அதற்குள் பதில் போய்விடுவது நல்லது என்றார். பேசாமல் இருந்தால், பின்னால் டேமேஜ் என்று சொல்லும்போது "அன்றே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும்.

வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார். லெட்ஜர், பேங்க் ஸ்டேட்மென்ட், சலான்கள், அந்த அண்ணனோடும் அவர் மகனோடும் பேசிய வாட்ஸ்அப் முழுவதும், ஒரு மெசேஜ்கூட அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவர வேண்டும், போனை மாற்றக்கூடாது. இன்னொன்றையும் அழுத்திக் கேட்டார்: மார்ச் கடைசியில் சப்ளையர்கள், இவ்வளவு பாக்கி என்று உறுதிசெய்யச் சொல்லி அனுப்புகிற பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் தாளில் சீல் வைத்துக் கொடுத்திருக்கிறோமா என்று. நம் ஆபீஸ் பையன்கள் அதை கூரியர் ரசீது மாதிரி நினைத்து சீல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மூன்று நாள் ஃபைலைப் புரட்டினோம். எங்கள் அதிர்ஷ்டம், 2016-க்கு அப்புறம் ஒன்றுகூட கொடுக்கவில்லை.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் அந்த 62,750. 2016 ஜூலை பில்லில் நின்ற பாக்கி, ஏதோ ரேட் தகராறு, இரண்டு பேருமே மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. அது 2019 ஜூலையில் முடிந்துவிட்டது, அதாவது கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட் கழித்துக்கொடுத்த காலம் தொடங்குவதற்கு முன்பே. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் நான் கையெழுத்துப் போட்டு "இவ்வளவு பாக்கி உண்டு" என்று ஒரு தாள் கொடுத்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். அது மட்டுமில்லை. காலம் கடந்த கடனாகவே இருந்தாலும், "கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி அது புது வாக்குறுதி, அதை வைத்து வழக்குப் போடலாம். அதனால்தான் ரிப்ளையில் "பழைய பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று நான் சேர்க்கச் சொன்ன பெருந்தன்மையான வரியை அவர் சேர்க்கவில்லை. செத்துப்போன கடனுக்கு நானே உயிர் கொடுக்கிற வரி அது.

இதில் எனக்குத் தெரியாமலே ஒரு நல்லது நடந்திருந்தது. பல பில் பாக்கி இருக்கும்போது நாம் எதற்கென்று சொல்லாமல் பணம் போட்டால், வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு எந்தக் கடனிலும் வரவு வைக்கலாம், காலம் கடந்த கடனில்கூட. நாம் எதற்கென்று சொல்லிவிட்டால் அதில்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரம்மாதான் ஆபீஸ் கணக்குப் பார்ப்பது. அவள் ஒவ்வொரு என்இஎஃப்டியிலும் ரிமார்க்ஸ் இடத்தில் பில் நம்பரை அடித்துவிடுவாள், பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. நான் அதைக் கிண்டல் செய்ததுண்டு. 50,000 ஜிபேயில் மட்டும் நான் போட்டேன், ரிமார்க்ஸில் கைகூப்பும் பொம்மை மட்டும் இருந்தது.

சரி, அந்த வாட்ஸ்அப் மெசேஜ். 2023 மார்ச் 11, சனிக்கிழமை, சம்பள நாள். ஆளுக்குச் சம்பளம் எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் மூன்றாவது தடவை போன் அடிக்கிறார், எடுக்காமல் மெசேஜ் போட்டேன்: "அண்ணா கொஞ்சம் டைம் குடுங்க, பழசு புதுசு எல்லாம் சேத்து சித்திரைக்குள்ள முடிச்சிடறேன்." இதைத்தான் நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.

என் புத்தி முதலில் போனது, அது நான் அனுப்பியதில்லை, ஆபீஸில் யாரோ அனுப்பியது என்று சொல்லிவிடலாமா என்று. கேட்டேன். "உங்க போன், உங்க நம்பர், அடுத்த மெசேஜ்ல உங்க பையன் காதுகுத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருக்கீங்க" என்றார். விட்டுவிட்டேன்.

அப்புறம் அவர் கேட்டது: "பழசுன்னு எதச் சொன்னீங்க?" நான் யோசித்துச் சொன்னேன், செப்டம்பர், நவம்பர் பில்லைத்தான் பழசு என்றேன், ஜனவரி பில் புதுசு. அவர் பேனாவை வைத்துவிட்டு, "இது நெசமா, இல்ல இப்ப தோணினதா?" என்றார். நெசம் என்றேன். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் சொன்னார், கூண்டில் ஏற்றி எதிர் வக்கீல் இதையே முப்பது விதமாகக் கேட்பார், அப்போது மாறாமல் இருக்கிற பதிலை மட்டும்தான் ரிப்ளையில் எழுத முடியும் என்று. 2016 பாக்கி அந்தச் சனிக்கிழமை என் நினைவிலேயே இல்லை என்பதுதான் உண்மை, அதனால் எழுதச் சொன்னேன்.

மெசேஜை மறுக்காமல், அதன் முன்னும் பின்னும் என்ன பேசினோம் என்பதை வைத்தோம். ஜனவரி 27-ஆம் தேதி ஒன்பது ரோலின் போட்டோ அனுப்பியிருக்கிறேன், ரோல் ஸ்டிக்கரில் லாட் நம்பர் தெரிகிற மாதிரி. 30-ஆம் தேதி அவர் மகன் நேரில் வந்து பார்த்தார், அன்று சாயங்காலம் அவரே "அந்த ரோல் மட்டும் தனியா வெச்சிருங்கண்ணா, அப்பாட்ட சொல்லிக் கழிச்சுக்கலாம்" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். என் மார்ச் மெசேஜை இதற்குப் பின்னால் வைத்துப் படித்தால் அதன் நிறமே வேறு. அதில் தொகையும் இல்லை.

ரோல் விஷயத்தில்தான் என் பக்கமும் ஓட்டை இருந்தது. ஒன்பதில் மூன்று ரோலைக் கட்டிங் மாஸ்டர் கவனிக்காமல் வெட்டிவிட்டார், அதற்கப்புறம்தான் கோடு தெரிந்தது. மீதி ஆறு ரோல், 152 கிலோ, பிரிக்காமல் குடோனில் இருந்தது. வெட்டிய துணியைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்ல முடியாது. சரக்கு விற்பனைச் சட்டப்படி, நம் சொந்தச் சரக்கு மாதிரி நாம் வெட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். பேசாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் ஏற்றுக்கொண்ட சரக்கிலும் குறை இருந்தால் அந்த நஷ்டத்தை விலையில் கழித்துக் கேட்கலாம். அதனால் ரிப்ளையில் இரண்டையும் பிரித்தோம்: ஆறு ரோல் நிராகரித்த சரக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று ரோல் வெட்டிய பிறகு குறை தெரிந்தது, அதற்கு 35,112 ரூபாய் விலைக் குறைப்பு. வெட்டியதை மறைக்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மாஸ்டரைச் சாட்சியாக ஏற்றினால் அவர் என்ன சொல்வார் என்று வக்கீலம்மா கேட்டார், அதோடு ஆசை போய்விட்டது.

அந்த ரோல்களின் மதிப்பைக் கழித்துக்கொள்ளச் சொல்லி நான் டெபிட் நோட் போட்டது மார்ச் 31-ல்தான், வருடக் கணக்கு முடிக்கும்போது. ஜனவரி 27-லேயே போட்டு இமெயிலில் அனுப்பியிருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ரிப்ளையில் அந்தத் தேதியை அப்படியே எழுதினோம்.

கடைசியில் செப்டம்பர் 21-ஆம் தேதி போன பதில் ஆங்கிலத்தில் நாலு பக்கம். அதன் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பத்தி 3-ல் கண்ட மூன்று பில்களின்படி சரக்கு பெறப்பட்டது என்பது உண்மை. அதன் பேரில் ரூ. 4,85,400 நிலுவை என்பது மறுக்கப்படுகிறது. தங்கள் கட்சிக்காரர் கேட்டுக்கொண்டபடி 18.02.2023 அன்று அவர் மகன் வசம் செலுத்திய ரூ. 50,000 கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. 23.01.2023 தேதியிட்ட பில்லின் 24 ரோல்களில் 9 ரோல்கள் குறைபாடுடையவை என்பது 27.01.2023 அன்றே தெரிவிக்கப்பட்டு, 30.01.2023 அன்று தங்கள் கட்சிக்காரரின் மகனால் நேரில் பார்வையிடப்பட்டது. பத்தி 5-ல் கூறப்படும் 2016-ஆம் ஆண்டுப் பாக்கி மறுக்கப்படுகிறது, அது காலவரம்பாலும் தடைசெய்யப்பட்டது. தங்கள் கட்சிக்காரர் வங்கியில் கடன் வாங்கி நூல் வாங்கினார் என்ற பத்தி 6-ன் செய்தி எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாது, அதை நிரூபிக்கும் பொறுப்பு தங்கள் கட்சிக்காரருடையது."

கவனித்துப் பாருங்கள், இதில் 3,30,064 என்ற எண் எங்குமே இல்லை. நான் கேட்டேன், கழித்துப் பார்த்தால் யாருக்கும் வந்துவிடுகிற எண்தானே, எழுதினால் என்ன என்று. அவர் சொன்னது: "கழிக்கறத அவங்க செய்யட்டும். இவ்வளவு தரணும்னு நீங்க எழுதினா, அடுத்த நாளே அந்தப் பணத்தை டேபிள்ல வைக்கணும். இருக்குதா?" என்னிடம் அப்போது ஒன்றரை லட்சம்தான் புரட்ட முடியும். பணம் கையில் இருந்தால், உண்மையில் வர வேண்டியதைக் கட்டிவிட்டு மீதிக்கு மட்டும் தகராறு செய்வதுதான் சுத்தமான வழி என்பது என் எண்ணம், அவரும் அதைத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதினோம். பில்களை ஒத்துக்கொண்டதே ஓரளவுக்கு ஒப்புதல்தான், அவை காலவரம்புக்குள் இருக்கிற பில், அதனால் பரவாயில்லை என்றார்.

24 சதவீத வட்டிக்கு ஒரே வரி. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை, ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வட்டி கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. இது கோர்ட்டில் நிற்குமா என்பது வேறு விஷயம், ஆனால் எழுதாமல் விடக்கூடாது.

சமரசத்துக்குத் தயார் என்பதை எங்கே எழுதுவது என்பதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நிறையப் பேர் ரிப்ளையின் தலையில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு, கீழே பாக்கி, தவணை, மன்னிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். அந்த வரி தாயத்து இல்லை. அது காப்பாற்றுவது சமரசப் பேச்சை, அந்தப் பேச்சைச் சாட்சியமாகக் காட்டக்கூடாது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்ட புரிதலை. ரிப்ளை நோட்டீஸ் அப்படி இல்லை, நாளைக்கு நாமே கோர்ட்டில் காட்ட வேண்டிய தாள் அது. அதனால் இரண்டு கடிதம் போனது. ஒன்று, உண்மைகளும் மறுப்புகளும் மட்டும் உள்ள ரிப்ளை. இன்னொன்று ஒரு வாரம் கழித்து, முழுக்க சமரசத்துக்கென்றே தலைப்பிட்ட ஒரு பக்கக் கடிதம். அதில்தான் தொகை, ஆறு ரோலைத் திருப்புவது, மூன்று தவணை எல்லாம். முதல் கடிதம் இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

அனுப்புவதற்கு முன் டிராஃப்டை என்னிடம் கொடுத்து, வரிவரியாகப் படித்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். வக்கீல் எழுதினாலும் அது என் வார்த்தைதான், நான் சொல்லித்தான் எழுதினார் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். படித்ததில் ஒரு தப்புக் கண்டுபிடித்தேன்: "9 ரோல்கள் திருப்பி அனுப்பப்பட்டன" என்று இருந்தது. திருப்பவே இல்லை, ஆறுதான் குடோனில் இருக்கிறது. அவசரத்தில் ஜூனியர் அடித்தது. அது அப்படியே போயிருந்தால் அவர்கள் முதலில் கேட்பது திருப்பி அனுப்பிய சலான் எங்கே என்பதாகத்தான் இருந்திருக்கும்.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அந்த அட்டை திரும்பி வந்ததும் ரிப்ளை நகலோடு பின் அடித்து வைத்தோம். (இப்போது பதிவுத் தபால் தனியாக இல்லை, 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.)

பதிலுக்கு மறு பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து மீடியேஷனுக்கு நோட்டீஸ் வந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசரத் தடையுத்தரவு ஏதும் கேட்காத பட்சத்தில், வழக்குப் போடுவதற்கு முன் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அங்கே உட்கார்ந்தபோது என்னையும் அந்த அண்ணனையும்விட அவர் மகன்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். 50,000 வந்து சேர்ந்ததை அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. ரிப்ளையில் அந்தத் தேதியும் தொகையும் படித்த பிறகுதான் வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. அது முடிந்ததும் மீதி வேகமாக முடிந்தது. இரண்டு சிட்டிங், மொத்தம் 3,45,000, மூன்று தவணை. 2016 பாக்கி உட்பட இனி இருவருக்கும் எந்தக் கணக்கும் இல்லை என்று தனி வரி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம்.

ஆறு ரோலை எடுக்க அந்தப் பையனே டெம்போ கொண்டுவந்தான். ஒரு வருடமாக குடோன் மூலையில் கிடந்ததில் மேல் ரோலின் கவர் முழுக்கத் தூசி. ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி எடை பார்த்தோம், 152 கிலோவுக்கு 400 கிராம் குறைவாக வந்தது, பரவாயில்லண்ணா என்றான். என் வீட்டுக்காரம்மா அதற்குள் சலான் எழுதி முடித்திருந்தாள், "நீடில் லைன் குறைபாடு காரணமாகத் திரும்ப, 6 ரோல், 151.600 கிலோ" என்று. அவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டியை விட்டோம்.